புதிய டயாலிசிஸ் நோயாளிக்கு அட்டவணை, டிரை வெயிட், ஃபிஸ்டுலா: எந்த வரிசையில், எப்படி விளக்குவது

ஹீமோடயாலிசிஸ் பிரிவில் செவிலியராகவோ டெக்னீஷியனாகவோ இருப்பவர்களுக்கும், வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர் குழம்புவதற்குப் பெரும்பாலும் தகவல் குறைவு காரணமாக இருப்பதில்லை; எல்லாவற்றையும் ஒரே நாளில், வரிசையில்லாமல் சொல்லிவிடுவதே காரணம். முதலில் அட்டவணை, பிறகு எடை, அதன் பின் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் அமைக்கும் இரத்தக் குழாய் இணைப்பான ஃபிஸ்டுலா என்ற வரிசையில் சொன்னால் ஒவ்வொன்றும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸுக்கு வேறு விளக்கம் தேவை என்பதால் அது இங்கே இடம்பெறவில்லை.

1. விளக்கத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அந்த நோயாளியின் டயாலிசிஸ் பதிவுத்தாளை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு விவரங்கள் தெரிந்தால்தான் பேச்சைத் தொடங்க முடியும்: உடலில் அதிகப்படி நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையாக மருத்துவர் குறித்திருக்கும் டிரை வெயிட், வாரத்தில் எந்தெந்த நாள்கள், ஒரு முறைக்கு எத்தனை மணி நேரம், 24 மணி நேரத்தில் அவருக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது. சிறுநீர் அளவு பல தாள்களில் காலியாகவே இருக்கும். அது தெரியாமல் குடிநீர் அளவைச் சொல்வது ஊகமாகிவிடும். எனவே ஒரு நாள் முழுவதும் சிறுநீரை அளவுக்குவளையில் பிடித்து அளந்துவரச் சொல்லுங்கள்.

வீட்டில் சமைப்பவர் உடன் இருக்க வேண்டும். உப்பு யார் கையில் இருக்கிறதோ, எடையும் பெருமளவு அவர் கையில்தான் இருக்கிறது.

நேரத்தையும் கவனியுங்கள். டயாலிசிஸ் முடிந்த அரைமணி நேரத்தில் நோயாளி களைத்திருப்பார். தலையாட்டுவார், மனதில் எதுவும் நிற்காது. இயந்திரத்தில் இணைத்து இரத்த அழுத்தம் சீராக இருக்கும் முதல் ஒரு மணி நேரம்தான் பேசுவதற்கு ஏற்றது.

2. முதல் நாளில் பதில் சொல்ல வேண்டிய ஒரே கேள்வி

எந்த நோயாளியும் முதலில் கேட்பது டிரை வெயிட்டைப் பற்றியோ ஃபிஸ்டுலாவைப் பற்றியோ அல்ல. “ஒரு தடவ மெஷின்ல போட்டுட்டா அப்புறம் நிறுத்தவே முடியாதாமே?” என்பதுதான் அந்தக் கேள்வி. இதற்கு நேரான பதில் கிடைக்காதவரை அடுத்து நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் விழாது.

பதில் இதுதான்: இயந்திரம் சிறுநீரகத்தை நிறுத்துவதில்லை; சிறுநீரகம் ஏற்கெனவே நின்றுபோனதால்தான் இயந்திரம் வருகிறது. கடும் நோய்த்தொற்று, நீர்ச்சத்து இழப்பு, சில மருந்துகள் ஆகியவற்றால் திடீரெனப் பழுதான சிறுநீரகம் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீளக்கூடும். அப்போது டயாலிசிஸை நிறுத்திவிடுவார்கள். பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் செயலிழந்த சிறுநீரகம் பொதுவாக மீள்வதில்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை டயாலிசிஸ் தொடர வேண்டியிருக்கும். தன் நோய் இவற்றில் எந்த வகை என்பதை மருத்துவர் வாயால் அவர் கேட்க வேண்டும். நீங்கள் ஆறுதலுக்காக “பார்க்கலாம், சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டால், உடல் சற்றுத் தேறியதும் அவர் டயாலிசிஸுக்கு வருவதை நிறுத்திவிட்டு, மூச்சுத்திணறலோடு திரும்பி வருவார்.

3. அட்டவணையை விளக்குதல்

வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் என்பது பரவலான அட்டவணை. திங்கள், புதன், வெள்ளி ஒரு குழுவாகவும், செவ்வாய், வியாழன், சனி மற்றொரு குழுவாகவும் பிரிப்பார்கள். வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம். அதில் 12 மணி நேரம் மட்டுமே இயந்திரம் வேலை செய்கிறது. மீதி 156 மணி நேரம் சேரும் நீரும் பொட்டாசியமும் கழிவும் உடலுக்குள்ளேயே இருக்கின்றன. இந்த ஒரு கணக்கைச் சொன்ன பிறகு, ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்பதை நோயாளிகள் தாங்களாகவே புரிந்துகொள்கிறார்கள்.

முதல் வாரத்தில் ஒரு குழப்பம் தவறாமல் வரும். தொடக்கத்தில் 2 மணி நேரம், அடுத்து 3 மணி நேரம், பிறகு 4 மணி நேரம் என்று நேரத்தைக் கூட்டுவார்கள். முதல் சில நாள்கள் அடுத்தடுத்தும் செய்வார்கள். நோய் முற்றிவிட்டதால்தான் நேரம் கூடுகிறது என்று குடும்பத்தினர் அஞ்சுவார்கள். உண்மையான காரணம் வேறு. பல மாதங்களாக இரத்தத்தில் தேங்கிய யூரியாவை ஒரே மூச்சில் குறைத்தால், மூளைக்குள் இருக்கும் யூரியா அதே வேகத்தில் வெளியேற முடியாமல் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் தலைவலி, வாந்தி, மனக்குழப்பம், சில வேளைகளில் வலிப்புகூட வரலாம். அதைத் தவிர்க்கவே குறைந்த நேரத்தில், மெதுவான இரத்த ஓட்டத்தில் தொடங்குகிறார்கள். நேரம் கூடுவது உடல் பழகிவிட்டதன் அடையாளம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்து வரும் கேள்வி, “3 மணி நேரத்துல முடிச்சுக்கக் கூடாதா?” என்பது. யூரியா முதல் இரண்டு மணி நேரத்திலேயே வேகமாகக் குறைந்துவிடுகிறது. பாஸ்பரஸும் நீரும் அப்படியல்ல. அதிகப்படியான நீரில் பெரும்பகுதி இரத்தத்தில் இருப்பதில்லை. கால், வயிறு, நுரையீரல் ஆகியவற்றின் திசுக்களில் தேங்கியிருக்கிறது. இயந்திரத்தால் இரத்தத்திலிருந்து மட்டுமே நீரை எடுக்க முடியும். எடுத்த இடத்தை நிரப்பத் திசுக்களிலிருந்து நீர் மெதுவாக இரத்தத்துக்கு வந்து சேர வேண்டும். அப்படி வந்து சேர்வதற்கான அவகாசமே அந்த நான்கு மணி நேரம். அவசரப்பட்டு எடுத்தால் இரத்தக் குழாயில் நீர் குறைந்து அழுத்தம் இறங்கும், தசை பிடித்துக்கொள்ளும். இந்த விளக்கத்தை இங்கேயே சொல்லிவைப்பது அவசியம், ஏனென்றால் டிரை வெயிட்டைப் பற்றிச் சொல்லப்போவது முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

நீண்ட இடைவெளியைத் தனியாகக் காட்டுங்கள். வாரத்தில் இரண்டு இடைவெளிகள் குறுகியவை. ஒன்று மட்டும் ஒரு நாள் கூடுதலானது. செவ்வாய், வியாழன், சனி வருபவருக்குச் சனி முதல் செவ்வாய் வரை அந்த இடைவெளி. நீரும் பொட்டாசியமும் உச்சத்துக்குப் போவதும், மூச்சுத்திணறலும் இதயத் துடிப்புக் கோளாறும் அதிகமாக நேர்வதும் அதன் முடிவில்தான். எனவே, ஒரு முறை வர இயலாவிட்டால் எதை விட்டாலும் நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளை விட்டுவிடக் கூடாது; விட நேர்ந்தால் அன்றே பிரிவை அழைத்து மாற்று நேரம் கேட்க வேண்டும். நாள்காட்டியில் அந்த நாளை வட்டமிட்டுக் கொடுப்பது பத்து நிமிடப் பேச்சைவிடப் பயன் தருகிறது.

பக்கத்துப் படுக்கைக்காரர் வாரத்துக்கு 2 முறைதான் வருகிறார் என்று ஒப்பிடுவார்கள். அவருக்குச் சிறுநீர் இன்னும் ஓரளவு போகலாம். அவரது அட்டவணை அவரது சிறுநீரகத்தின் எஞ்சிய செயல்பாட்டைப் பொறுத்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. டிரை வெயிட்: எண்ணைச் சொல்வதற்கு முன் உணர்த்த வேண்டியது

பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். “உங்க டிரை வெயிட் 58” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நோயாளி அதை உடல் எடைக் குறைப்பு இலக்கைப் போலப் புரிந்துகொண்டு, சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கிவிடுவார். இதைவிடத் தீங்கான தவறான புரிதல் டயாலிசிஸில் அதிகம் இல்லை, ஏனென்றால் டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதமும் கலோரியும் முன்பைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகின்றன.

எனவே, எண்ணைச் சொல்வதற்கு முன்பு எடை இரண்டு பகுதிகளால் ஆனது என்பதை உணர்த்துங்கள். ஒன்று எலும்பும் தசையும் கொழுப்பும் உடலுக்கு வேண்டிய நீரும் சேர்ந்த உண்மையான உடல். மற்றொன்று, வெளியேற வழியில்லாமல் தேங்கிய அதிகப்படி நீர். டயாலிசிஸ் முடிந்ததும் இந்த இரண்டாவது பகுதி இல்லாமல், கால் வீக்கமோ மூச்சிரைப்போ இன்றி, இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்து, அதே சமயம் தலைச்சுற்றலோ தசைப்பிடிப்போ வராமல் அவர் இருக்கும்போது எடைக்கருவி காட்டும் எண்தான் டிரை வெயிட்.

ஓர் இரவுக்குள் கூடும் எடை சதையாக இருக்க முடியாது. இரண்டு டயாலிசிஸுக்கு இடையே ஏறும் எடை ஏறத்தாழ முழுவதும் நீர்தான். 1 லிட்டர் நீர் 1 கிலோ. இந்தச் சமன்பாட்டை அவர் வாயால் சொல்லவைக்க வேண்டும்.

அதன் பிறகு உப்பு. “தண்ணியே குடிக்கல, எப்படி ஏறுச்சு?” என்று கேட்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. கஞ்சி, பழம், மருந்து விழுங்கும் நீர், நாவை நனைக்கக் குடித்த மடக்குகள் ஆகியவற்றை அவர் தண்ணீராகக் கருதுவதில்லை. இவற்றைவிட முக்கியமாக, சுமார் 8 கிராம் உப்பு, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி அளவு, உடலுக்குள் 1 லிட்டர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த 1 லிட்டரை அவர் குடிக்கும்வரை தாகம் அவரை விடாது. உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வது யாராலும் பின்பற்ற முடியாத அறிவுரை. ஒரு நாளில் எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பை வைத்தால், தாகம் தானாகவே தணிவதைச் சில வாரங்களில் அவரே காண்பார். சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்து விற்கும் மாற்று உப்புகளைப் பயன்படுத்தவே கூடாது என்பதையும் சமைப்பவரிடம் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவற்றில் இருக்கும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே பாதிக்கும்.

குடிக்கும் நீருக்கு நடைமுறையில் வைத்திருக்கும் கணக்கு, முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி கூட்டுவது. 300 மில்லி சிறுநீர் போகிறவருக்கு ஒரு நாளைக்கு 800 மில்லி. அந்த அளவைக் காலையிலேயே ஒரு புட்டியில் நிரப்பிவைத்து, வேறு எதைக் குடித்தாலும் அதே அளவைப் புட்டியிலிருந்து கீழே ஊற்றிவிடச் சொல்லுங்கள். மாலையில் புட்டியில் எவ்வளவு மீதி என்பதைக் கண்ணால் பார்க்க முடிவதால், மனக்கணக்கு தேவைப்படுவதில்லை.

5. ஒரு எடைச்சீட்டைச் சேர்ந்து படித்தல்

இனி அவருடைய பதிவுத்தாளை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் செய்யுங்கள். ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பார்ப்போம். டிரை வெயிட் 58 கிலோ. செவ்வாய், வியாழன், சனி வருபவர். சனிக்கிழமை முடிந்தபோது எடை 58.2. செவ்வாய்க்கிழமை வந்தபோது 60.9.

இரண்டு கழித்தல்கள் இருக்கின்றன; புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். 60.9-லிருந்து 58.2-ஐக் கழித்தால் 2.7 கிலோ, இது மூன்று நாள்களில் அவர் சேர்த்தது. 60.9-லிருந்து 58-ஐக் கழித்தால் 2.9 கிலோ, இது இன்று எடுக்க வேண்டியது. இடையில் உள்ள 200 கிராம் சனிக்கிழமை எடுக்காமல் விட்ட மிச்சம். சேர்த்ததற்கு அவர் பொறுப்பு. மிச்சத்துக்கு அவர் பொறுப்பல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் “மூணு கிலோ ஏத்திட்டு வந்திருக்கீங்க” என்று கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் எடை பார்க்கவே தயங்குவார்.

இயந்திரத்தின் திரையில், மொத்தம் எடுக்க வேண்டிய நீரைக் குறிக்கும் UF GOAL என்ற இடத்தில் 2.9-க்குப் பதிலாக 3.2 லிட்டர் என்று டெக்னீஷியன் பதிவதை நோயாளிகள் கவனித்துவிடுவார்கள். முடிவில் குழாய்களில் இருக்கும் இரத்தத்தை உடலுக்குள் திருப்பி அனுப்பச் செலுத்தும் உப்புநீரும், இடையில் அவர் குடிப்பதும் சேர்ந்து சுமார் 300 மில்லி உள்ளே போகும். அதையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதுதான் அதன் காரணம்.

இப்போது வேகத்தைக் கணக்கிடுவோம். 3,200 மில்லியை 4 மணி நேரத்தில் எடுத்தால், மணிக்கு 800 மில்லி. இதை 58 கிலோவால் வகுத்தால், கிலோவுக்கு மணிக்கு 13.8 மில்லி. பொதுவாக 13-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்ளவே முயல்கிறார்கள். அதற்கு மேல் போகும்போது இரத்த அழுத்தச் சரிவும் இதயத்துக்கு ஏற்படும் அழுத்தமும் கூடுகின்றன. எனவே மருத்துவர் நேரத்தை நான்கரை மணியாகக் கூட்டலாம். அப்போது வேகம் 12.3-ஆகக் குறையும். அல்லது இன்று 2.7 லிட்டர் மட்டும் எடுத்து, மீதியை வியாழக்கிழமைக்குத் தள்ளலாம்; அப்போது 11.6. அரைமணி நேரம் கூடுதலாக இருக்கச் சொன்னது தண்டனைக்காக அல்ல என்று அவர் ஏற்றுக்கொள்வது இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான். கணக்கு முழுவதையும் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவருக்குச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு “அதே நீரை மெதுவாக எடுக்கக் கூடுதல் நேரம்” என்பதே போதும்.

ஒரு பொது வரம்பையும் கொடுக்கலாம்: இரண்டு டயாலிசிஸுக்கு இடையே ஏறும் எடை, டிரை வெயிட்டில் 4 சதவீதம் அளவுக்குள் இருப்பது நல்லது. 58 கிலோ உள்ளவருக்கு அது ஏறத்தாழ 2.3 கிலோ. சதவீதத்தைச் சொல்லாமல் அவருக்குரிய கிலோவை மட்டும் எழுதிக்கொடுங்கள்.

எடை பார்ப்பதிலேயே நேரும் பிழைகளும் உண்டு. ஒரு நாள் செருப்போடும் கைப்பேசியோடும், மறுநாள் அவையில்லாமலும் ஏறினால் அரைக் கிலோ எளிதாக மாறிவிடும். அந்த அரைக் கிலோவையும் நீரென்று கருதி இயந்திரம் எடுத்துவிடும். ஒரே கருவி, ஏறத்தாழ ஒரே எடையுள்ள உடை, வெறுங்கால், சிறுநீர் கழித்த பின் என்பதை வழக்கமாக்குங்கள். எண்ணை நோயாளியே வாசித்துச் சொல்ல, நீங்கள் எழுதுவது இன்னும் நல்லது.

6. டிரை வெயிட் நிலையான எண் அல்ல

பழைய நோயாளிகளிடம்கூட இல்லாத புரிதல் இது. எண்ணை ஒருமுறை குறித்த பிறகு உடல் மாறிக்கொண்டே இருக்கும். எண் தானாக மாறாது.

நம் எடுத்துக்காட்டு நோயாளிக்கே காய்ச்சல் வந்து, இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடாமல் ஒன்றரைக் கிலோ சதை குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டயாலிசிஸ் முடிந்ததும் கருவி 58 என்றே காட்டும். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் அவருடைய உண்மையான டிரை வெயிட் இப்போது 56.5, குறைந்த சதையின் இடத்தில் ஒன்றரை லிட்டர் நீர் ஒளிந்திருக்கிறது. அவருக்கு இரவில் மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும், தலையணையை உயர்த்திக்கொள்வார், இரத்த அழுத்தம் ஏறும். “வெயிட் கரெக்டாத்தானே இருக்கு, சளிதான் போலிருக்கு” என்று வீட்டில் இருமல் மருந்து கொடுத்துக் காலம் கடத்துவார்கள். சரியாகச் சாப்பிடாத வாரங்களுக்குப் பிறகு வரும் மூச்சுத்திணறலை, எடைச்சீட்டு என்ன காட்டினாலும், நீர் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. டயாலிசிஸ் தொடங்கிய சில மாதங்களில் குமட்டல் நீங்கிப் பசி திரும்பும், சதை போடும். உண்மையான டிரை வெயிட் 59-ஆகிவிட்ட பிறகும் 58 வரை இழுத்தால், உடலுக்கு வேண்டிய நீரையே எடுத்துவிடுகிறோம். கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அடிக்கடி கொட்டாவி வரும், வியர்க்கும், கண் இருட்டும். வீட்டுக்குப் போனதும் அன்று முழுவதும் எழுந்திருக்க முடியாது. கொட்டாவியை நோயாளிகள் தூக்கமென்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்குவதன் முதல் அறிகுறி பல நேரம் அதுதான். கொட்டாவியோ வயிற்றுப் பிரட்டலோ வந்தவுடன் கையுயர்த்தி அழைக்கச் சொல்லுங்கள். அந்த நிலையிலேயே நீர் எடுப்பதை நிறுத்திக் காலை உயர்த்தினால் மயக்கம் வரை போகாது.

தொடங்கிய முதல் வாரங்களில் மருத்துவர் டிரை வெயிட்டைச் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டே வருவார். எந்த எடையில் வீக்கம் வற்றி அழுத்தம் சீராகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் காலம் அது. ஒவ்வொரு முறையும் எண் குறைவதைப் பார்த்து நோயாளி உருகிப்போகிறார் என்று குடும்பம் பதறும். குறைவது நீர்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அந்தப் பதற்றம் இருக்காது.

இரத்த அழுத்த மாத்திரையும் இங்கே வந்து சேர்கிறது. டயாலிசிஸ் நாள் காலையில் அதை எடுத்துக்கொள்ளலாமா, முடிந்த பின் எடுத்துக்கொள்ளலாமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். எந்த மாத்திரையை எப்போது என்று மருத்துவரிடம் கேட்டு, பதிவுத்தாளிலேயே எழுதிவிடுங்கள்.

7. ஃபிஸ்டுலா

நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி இரத்தம் இயந்திரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். கையில் மேலாகத் தெரியும் சிரையில் அவ்வளவு ஓட்டம் கிடையாது. தமனியில் ஓட்டம் உண்டு, ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது, வாரத்துக்கு மூன்று முறை குத்தவும் கூடாது. எனவே அறுவை சிகிச்சை செய்து, பெரும்பாலும் மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ, ஒரு சிரையைத் தமனியோடு இணைக்கிறார்கள். தமனியின் அழுத்தத்தால் அந்தச் சிரை விரிந்து, சுவர் தடித்து, ஊசி தாங்கும் குழாயாக மாறுகிறது. அந்த இணைப்புதான் ஃபிஸ்டுலா. உள்ளே பிளாஸ்டிக்கோ கருவியோ எதுவும் இல்லை. எல்லாம் அவருடைய சொந்த இரத்தக் குழாய்தான் என்பதை அழுத்திச் சொல்லுங்கள், பலர் உள்ளே ஏதோ பொருத்தியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே பயன்படுத்த முடியாது. முதிர்வதற்குக் குறைந்தது 6 முதல் 8 வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். சிரை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமாகி, தோலுக்கு 6 மில்லிமீட்டருக்குள் இருந்து, நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம் கிடைத்தால் ஊசி போடத் தயார் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அதுவரை கழுத்தில் வைத்த கதீட்டர் வழியாக டயாலிசிஸ் நடக்கும். “கழுத்து டியூப்லயே வலிக்காம நடக்குதே, கையில எதுக்கு?” என்று கேட்டு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம். கதீட்டரின் ஒரு முனை இதயத்துக்கு அருகில் இருக்கிறது, மறுமுனை உடலுக்கு வெளியே இருக்கிறது. கிருமி நேராக இரத்தத்துக்குள் நுழைய அது வழிவிடுகிறது. டயாலிசிஸ் தொடங்கிய சிறிது நேரத்தில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் கதீட்டர் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். கதீட்டர் இருக்கும்வரை அந்தக் கட்டு நனையக் கூடாது. டயாலிசிஸ் குழுவைத் தவிர வேறு யாரும் அதன் மூடியைத் திறக்கக் கூடாது.

ஃபிஸ்டுலாவைக் கவனிக்கக் கற்றுக்கொடுப்பதைச் சொற்களால் செய்யாதீர்கள். அவருடைய மற்றக் கையின் விரல்நுனிகளை எடுத்து இணைப்பின் மேல் மெதுவாக வைத்துவிடுங்கள். மேசைமேல் வைத்த கைப்பேசி ஒலியில்லாமல் அதிர்வதைப் போன்ற ஓர் இடைவிடாத அதிர்வு விரலுக்குத் தெரியும். இதைத் திரில் என்போம். ‘புட்… புட்’ என்று விட்டுவிட்டு வரும் நாடித்துடிப்பு வேறு, இந்தத் தொடர் அதிர்வு வேறு; இரண்டையும் அவர் பிரித்துச் சொல்லும்வரை விடாதீர்கள், ஏனென்றால் அதிர்வு போய் வெறும் துடிப்பு மட்டும் இருப்பது குழாய் எங்கோ குறுகிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். காலையில் கண் விழித்ததும், இரவு படுக்கும் முன்பும், இரத்த அழுத்தம் இறங்கிய எந்த நாளிலும் கூடுதலாக ஒருமுறையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அதிர்வு தெரியவில்லை என்றால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்கக் கூடாது. இரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். அன்றே வந்தால் அடைப்பை நீக்கிக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு, நாள்கள் கடந்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். வீட்டில் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது ஆகியவற்றில் நேரத்தை இழக்கக் கூடாது.

டிரை வெயிட்டை முதலில் விளக்கியதன் பயன் இங்கே கிடைக்கிறது. ஃபிஸ்டுலா அடைபடுவதற்கான காரணங்களில் ஒன்று இரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிடுவது; அதிக நீர் ஏற்றிவந்து வேகமாக எடுக்கும்போதோ, பழைய டிரை வெயிட்டையே பிடித்துக்கொண்டு வேண்டிய நீரையும் எடுக்கும்போதோ அழுத்தம் சரிகிறது. குழாயில் ஓட்டம் மந்தமாகிறது, இரத்தம் உறைகிறது. எடைச்சீட்டும் கையில் உள்ள அதிர்வும் தொடர்புடையவை என்று புரிந்துகொண்டவர் இரண்டையும் சேர்த்துக் கவனிப்பார்.

அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கக் கூடாது, டிரிப்ஸ் ஏற்றக் கூடாது. இறுக்கமான கடிகாரம், வளையல், சட்டைக்கை வேண்டாம். அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டாம். இவற்றில் முதல் மூன்றை மீறுபவர் பெரும்பாலும் நோயாளி அல்ல, வேறொரு மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ அவசரத்தில் இருக்கும் பணியாளர். ஆகவே, “இது டயாலிசிஸ் கை, அடுத்த கையில பாருங்க” என்று அவர் உரக்கச் சொல்லப் பழக்குங்கள். இரண்டு மூன்று முறை சொல்லிப்பார்க்க வைத்தால் கூச்சம் போய்விடும். இன்னும் ஃபிஸ்டுலா போடாதவருக்கும் இது பொருந்தும்: இரண்டு முன்கைச் சிரைகளையும் காப்பாற்றிவைத்து, புறங்கையிலிருந்து இரத்தம் எடுக்கச் சொல்ல வேண்டும்.

ஊசி எடுத்த பிறகு இரண்டு இடங்களையும் விரலால் அழுத்திப் பிடிப்பதில் ஓர் அளவு தேவை. இரத்தம் கசியாத அளவுக்கு அழுத்தம் வேண்டும். அதிர்வு நின்றுவிடும் அளவுக்கு அழுத்தக் கூடாது. நடுநடுவே எடுத்து எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் தொடர்ந்து பிடிக்க வேண்டும். வழக்கமாக 10 நிமிடத்தில் நின்றது இப்போது 20 நிமிடம், 25 நிமிடம் என்று நீண்டுகொண்டே போனால், மேலே சிரை குறுகியிருக்கலாம். அதைப் பதிவுத்தாளில் எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அழுத்திய பட்டையை இறுக்கமாகக் கட்டியபடியே வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு, விழித்துப் பார்த்தால் அதிர்வு இல்லை என்று வருபவர்களும் உண்டு. பட்டையை எத்தனை மணி நேரத்தில் கழற்ற வேண்டும் என்று நேரத்தைக் குறித்தே அனுப்புங்கள்.

8. திருப்பிச் சொல்லவைத்தல்

“புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் “புரிஞ்சுது” என்றே சொல்வார்கள். அதற்குப் பதிலாகச் சூழ்நிலையைக் கொடுத்துக் கேளுங்கள். “அம்மா, சனிக்கிழம 58-ல போனீங்க, செவ்வாக்கிழம 61-ல வந்தீங்க. இந்த 3 கிலோ என்ன?” என்று கேட்டு, “தண்ணி” என்ற விடை வருகிறதா பாருங்கள். “பத்து நாளா சாப்பிடவே முடியல, வெயிட் மட்டும் அப்படியே இருக்கு, நல்லதா கெட்டதா?” என்பது அடுத்த கேள்வி. “காலையில தொட்டா அதிர்வு இல்ல, டயாலிசிஸ் நாளைக்கு. எப்ப வருவீங்க?” என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். இரண்டாவதில் பெரும்பாலானோர் “நல்லது” என்பார்கள். அப்போது ஆறாவது பகுதிக்குத் திரும்பிப் போங்கள், மூன்றாவது கேள்வியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தொலைபேசி எண்ணோடு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுக்க வேண்டியவை சில உண்டு. அதிர்வு இல்லாமை, மட்டமாகப் படுக்க முடியாத மூச்சுத்திணறல், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், கை கால் திடீரெனத் தளர்ந்து துவண்டுபோதல் ஆகியவற்றுக்கு நேரம் பார்க்காமல் அழைக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன தளர்ச்சி பொட்டாசியம் உயர்ந்ததால் வரலாம். ஃபிஸ்டுலாவின் மேல் தோல் மெலிந்து பளபளப்பாகத் தெரிந்தாலோ, ஆறாத பொருக்கு இருந்தாலோ அன்றே காட்ட வேண்டும், ஏனென்றால் அந்த இடம் திடீரென வெடித்து இரத்தம் பீறிடக்கூடும். அப்படிப் பீறிட்டால் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டாமல், இரத்தம் வரும் அந்தப் புள்ளியின் மேலேயே விரலால் உறுதியாக அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, விரலை எடுக்காமல் ஆம்புலன்ஸை வேறொருவர் அழைக்க வேண்டும். இந்த ஒன்றை நோயாளிக்கு மட்டுமல்லாமல் வீட்டில் உள்ள எல்லோருக்கும், அவர் கையிலேயே இடத்தைக் காட்டிச் செய்து பார்க்க வைத்து அனுப்புங்கள்.